வெளிநாடு போகும் பொறியாளரின் ராஜினாமா கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்தால், பள்ளியில் எழுதிய விடுப்புக் கடிதம்தான் கைக்கு வரும். ‘ராஜினாமா செய்ய விரும்புகிறேன், தயவுசெய்து அனுமதிக்கவும்’ என்று எழுதிவிடுகிறோம். விருப்பம் என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. ‘ராஜினாமா செய்கிறேன்’ என்றே எழுதுங்கள்.

பெரிய சிக்கல் தேதியில்தான். ‘விசா வந்ததும் விடைபெறுவேன்’ என்ற வரியை வைத்து யாராலும் நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட முடியாது. விசா கைக்கு வந்த பிறகே கடிதம் கொடுப்பது நல்லது. கொடுத்தபின் விசா தள்ளிப்போனால், இங்கேயும் வேலை இருக்காது, அங்கேயும் இருக்காது.

ஒரு கணக்கு பார்ப்போம். நோட்டீஸ் 60 நாள், கடிதம் கொடுப்பது ஜூன் 3. மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூனில் 27 நாள், ஜூலையில் 31, ஆக 58. அறுபதாவது நாள் ஆகஸ்ட் 2. கொடுத்த நாளையும் சேர்த்தால் ஆகஸ்ட் 1. எப்படி எண்ணுவது என்பதை நியமன ஆணையில் பாருங்கள், இல்லையென்றால் மனிதவளத் துறையிடம் கேளுங்கள். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவைச் சில நிறுவனங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு நாள் லீவு போட்டால் கடைசி நாளும் நான்கு நாள் தள்ளிப்போகும். ஆகஸ்ட் 4-க்கு டிக்கெட் எடுத்தவர் அங்கேதான் மாட்டுவார். அப்புறம், ‘ஆகஸ்ட் 2 வரை’ என்று எழுதினால் அந்த நாளும் சேர்த்தியா என்ற கேள்வி வரும். ‘ஆகஸ்ட் 2 என் கடைசி வேலை நாள்’ என்றால் பேச்சே இல்லை.

காரணத்துக்கு ஒரு வரி போதும். புதுச் சம்பளம், பழைய மனக்குறை எதுவும் வேண்டாம்.

‘எல்லாப் பணிகளையும் முறையாக ஒப்படைப்பேன்’ என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதை, யாரிடம், எப்போது என்று அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதலாம்:

‘பம்ப் ஹவுஸ் வரைபடங்களின் கடைசித் திருத்தங்களை ஜூன் 20-க்குள் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுகிறேன். பாக்கியுள்ள இரண்டு சோதனைகளை, தாங்கள் நியமிப்பவருடன் சேர்ந்து ஜூலை 15-க்குள் முடிக்கிறேன். அதன்பின் அவர் தனியாகப் பணியைப் பார்க்க, நான் உடனிருப்பேன்.’

அந்தக் கடைசி இரண்டரை வாரம் முக்கியம். குறிப்பில் விட்டுப்போனவையெல்லாம் அடுத்தவர் தனியாகக் கைவைக்கும்போதுதான் வெளியே வரும். விரிவான பட்டியலைத் தனித் தாளில் இணையுங்கள். கடவுச்சொற்களைக் கடிதத்தில் எழுதவே கூடாது. அது பலர் கைக்குப் போகும். ‘அங்கிருந்தும் எப்போதும் உதவுவேன்’ என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். புது வேலையின் ஒப்பந்தம் அதற்கு இடம் தராமல் போகலாம்.

மேலாளர் வாய்மொழியாக ‘சரி, போயிட்டு வாங்க’ என்றால் அதோடு விட வேண்டாம். கடைசி நாளைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.