எந்த 'தி ஆபீஸ்'? மூன்று கேள்விகளில் கண்டுபிடிக்கலாம்

"சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்து வைப்பானே, அந்தத் தொடர்தான்" என்றாள் தோழி. தேடிப் பிடித்து மூன்று பகுதிகள் பார்த்துவிட்டு, மேலாளர் மைக்கேலைப் பற்றிப் பேச அவளை அழைத்தேன். "யார் மைக்கேல்?" என்று கேட்டாள்.

அவள் பார்த்தது பிரிட்டன் தொடர், நான் பார்த்தது அமெரிக்கத் தொடர். 'தி ஆபீஸ்' என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றே. காகிதம் விற்கும் நிறுவனம், தன்னைப் பெரிய நகைச்சுவை மன்னனாக நினைக்கும் மேலாளர், வரவேற்பில் இருக்கும் பெண்ணை மனத்துக்குள் விரும்பும் விற்பனையாளன் என்று எல்லாம் இரண்டிலும் உண்டு. அமெரிக்கத் தொடரின் முதல் பகுதி பிரிட்டன் வசனத்தையே பெரும்பாலும் பின்பற்றியதால், ஜெல்லிக் காட்சியும் இரண்டிலும் இருக்கிறது. கதையைச் சொல்லித் தேடுவதில் பயனில்லை.

முதலில், மேலாளராக நடிப்பவர் யார் என்று பாருங்கள். ரிக்கி ஜெர்வைஸ் என்றால் பிரிட்டன், ஸ்டீவ் கரெல் என்றால் அமெரிக்கா. பெயர் நினைவில்லையா? அந்த நடிகர்களை வேறு எதில் பார்த்தார் என்று கேளுங்கள். 'ஷெர்லாக்' தொடரில் வாட்சனாக வரும் மார்ட்டின் ஃபிரீமன்தான் பிரிட்டன் தொடரின் விற்பனையாளன். அமெரிக்காவில் அந்த இடம் ஜான் கிராசின்ஸ்கிக்கு.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூலத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் என்பதால் ஜெர்வைஸின் பெயர் அமெரிக்கத் தொடரிலும் வரும். போதாததற்கு அதன் ஏழாவது சீசனில் தன் பழைய பாத்திரமாகவே தலைகாட்டிவிட்டும் போவார். ஆகவே, பெயர் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், நடிகர் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை பகுதிகள் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் அவர் விருந்தாளி.

அடுத்து ஆண்டு. பிரிட்டன் தொடர் 2001இல் தொடங்கி 2003இல் முடிந்தது. கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகளையும் சேர்த்து மொத்தம் 14 பகுதிகள்தான். அமெரிக்கத் தொடர் 2005 முதல் 2013 வரை, 9 சீசன்கள். "ஐந்தாவது சீசனில்" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும். சில தளங்கள் கடைசி சீசனின் ஆண்டை மட்டும் காட்டுவதுண்டு. தொடங்கிய ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் தொடர் வேண்டுமென்றால் தேடல் பெட்டியில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
The Office 2001
```

மூன்றாவது நாடு. இரண்டிலும் ஆங்கிலம்தான் என்பதால் மொழி உதவாது, ஊர் உதவும். லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் என்றால் பிரிட்டன். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் என்றால் அமெரிக்கா. ஃபரிதாபாத் என்று வந்தால் அது 2019இல் வந்த இந்தித் தொடர், மேலாளராக நடிப்பவர் முகுல் சட்டா. 2024இல் ஆஸ்திரேலியாவும் ஒன்று எடுத்தது. அதில் மேலாளர் ஒரு பெண், நடிப்பவர் ஃபெலிசிட்டி வார்ட்.

தோழியிடம் முதல் கேள்வியைக் கேட்டதுமே "வாட்சன்" என்றாள். இன்னும் இரண்டு கேள்விகளுக்கு வேலையே வரவில்லை.