பேட்ரியான் மாதச் சந்தாவை நிறுத்துவது எப்படி? நிறுத்தினால் எதெல்லாம் போகும்?

பேட்ரியானில் ஒரு பாட்காஸ்ட்காரருக்கோ ஓவியருக்கோ மாதாமாதம் பணம் கட்டி வருகிறீர்கள், இப்போது நிறுத்த வேண்டும். நிறுத்துவது சில நிமிட வேலைதான். ஆனால் ரத்து பட்டனைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில், எந்த வழியில் பணம் போகிறது என்று பாருங்கள். ஐபோன் செயலிக்குள்ளேயே சேர்ந்து, ஆப்பிள் கணக்கு வழியாகக் கட்டுகிறீர்கள் என்றால், நிறுத்த வேண்டிய இடமும் ஆப்பிள்தான். போனின் `Settings`-இல் மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, `Subscriptions`-க்குள் போனால் பேட்ரியான் சந்தா தெரியும். அங்கே ரத்து செய்துவிடலாம். பணம் திரும்ப வேண்டுமென்றாலும் ஆப்பிளிடம்தான் கேட்க வேண்டும். செயலியை போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது, அடுத்த கட்டணத் தேதி. 12-ஆம் தேதி சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதிதான் பணம் எடுக்கப்படும். சிலருடைய பக்கங்களில் எல்லோருக்கும் 1-ஆம் தேதி. கடைசி ராத்திரி வரை தள்ளிப்போடாமல் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. இந்திய கார்டு வைத்திருப்பவர்களுக்கு, தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையே நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது கொஞ்சம் நெருக்கடியான நேரம்.

சரி, இப்போது ரத்து. பிரௌசரில் பேட்ரியானுக்குள் நுழைந்து `Settings` போய் `Memberships` பகுதியைத் திறங்கள். நீங்கள் பணம் கட்டும் படைப்பாளிகளின் பட்டியல் வரும். வேண்டியவரின் பெயருக்கு நேராக உள்ள மாற்றும் பட்டனைத் தொட்டு, `Cancel membership`-ஐத் தேர்ந்தெடுங்கள். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்கும், ஒரு காரணத்தைத் தொட்டுவிட்டுப் போகலாம். கடைசி உறுதிப்பாடு வரை போய்விட்டீர்களா என்று கவனியுங்கள், பலர் காரணம் சொல்லும் இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். முடிந்ததற்கு அடையாளம், உங்கள் அணுகல் எந்தத் தேதி வரை என்று பக்கம் காட்டுவதுதான்.

கார்டை நீக்கிவிடுவதோ வங்கியில் முடக்குவதோ ரத்து ஆகாது. பணம் எடுக்க முயன்று தோற்றதாகக் கணக்கு நிற்கும், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆகும்? ஒரு உதாரணம். மாதம் 5 டாலர் கட்டும் ஒருவர், 12-ஆம் தேதி பணம் போனபின் 20-ஆம் தேதி நிறுத்துகிறார். அடுத்த 12 வரை அவருக்கு எல்லாம் திறந்தே இருக்கும். மிச்ச நாட்களுக்குப் பணம் தானாகத் திரும்பாது, படைப்பாளியே மனது வைத்தால் திருப்பித் தரலாம். ஆண்டுச் சந்தா என்றால் ஆண்டு முடியும் வரை அணுகல் உண்டு.

அந்த 12-க்குப் பிறகுதான் நிஜமான இழப்பு. புதிய பதிவுகள் மட்டும் நிற்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, நீங்கள் பணம் கட்டிய மாதங்களில் வந்த பழைய பதிவுகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கட்டியது பார்க்கும் உரிமைக்கு, பொருளுக்கு அல்ல. பாட்காஸ்ட் செயலியில் போட்டு வைத்திருந்த தனிப்பட்ட ஆர்எஸ்எஸ் இணைப்பு வேலை செய்யாது. நிகழ்ச்சியின் பெயர் பட்டியலில் இருக்கும், புது அத்தியாயம் வராது. டிஸ்கார்டில் பேட்ரியான் கொடுத்த ரோல் போய்விடும், ஆதரவாளர்களுக்கான அறைகள் உங்கள் கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

ஆகவே அணுகல் இருக்கும் நாட்களிலேயே, படைப்பாளி தரவிறக்கம் செய்யக் கொடுத்திருக்கும் பிடிஎஃப், படம், ஒலிக்கோப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். சேமித்தவை உங்களிடமே இருக்கும். பேட்ரியான் கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கியவையும் பறிபோகாது, ஏனென்றால் அவை சந்தாவோடு சேர்ந்தவை அல்ல.

ரத்துக்குப் பின்னும் மின்னஞ்சல் வந்தால் பயப்பட வேண்டாம். பணம் கட்டாத இலவச உறுப்பினராகப் பெயர் தொடர்வதால்தான் அது. அதுவும் வேண்டாமென்றால் தனியாக விலகிக்கொள்ளலாம்.

பணம்தான் பிரச்சினை என்றால், ரத்துக்குப் பதில் அதே பக்கத்தில் குறைந்த கட்டணப் படிக்கு மாறிப் பாருங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை பேருக்கு மட்டும் என்று வைத்திருக்கும் படியில் நீங்கள் இருந்தால் இன்னும் யோசியுங்கள். விலகியதும் உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடலாம், திரும்பி வரும்போது அந்தப் படி நிரம்பியிருக்கும் அல்லது விலை ஏறியிருக்கும்.