நேரலை அறிவிப்புகள்: எதை டைமரில் வைப்பது, எதைக் கையால் அனுப்புவது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு நேரலைக்கு மூன்று அறிவிப்புகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்தேன். மாலை 7 மணிக்கு "நேரலை தொடங்கிவிட்டது" என்ற செய்தி தானாகப் போய்விட்டது. மைக் சரியாகி நான் தொடங்கியதோ 7.12க்கு. செய்தியைப் பார்த்து வந்தவர்கள் காத்திருப்புத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையாகவே தொடங்கியபோது அவர்களைக் கூப்பிட எந்தச் செய்தியும் மிச்சமில்லை. அன்றிலிருந்து கடிகாரத்தை நம்பி அனுப்பும் செய்தியை வேறாகவும், கண்ணால் பார்த்து அனுப்பும் செய்தியை வேறாகவும் வைத்திருக்கிறேன்.

யூடியூபும் டெலிகிராம் சேனலும் வைத்துச் சொல்கிறேன். ஞாயிறு மாலை 7 மணி நேரலை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இணைப்பு. யூடியூப் ஸ்டூடியோவில் `Go live` போய், `Manage` பகுதியில் நேரம் குறித்து ஒரு நேரலையை உருவாக்குங்கள். அப்போதே அதன் இணைப்பு கிடைத்துவிடும். முன்னும் பின்னும் எல்லா அறிவிப்பிலும் இந்த ஒரே இணைப்புதான் போக வேண்டும். அதைத் திறப்பவர்கள் `Notify me` அழுத்தினால் யூடியூபே அவர்களுக்கு நினைவூட்டும்.

முன் அறிவிப்புகள். டெலிகிராமில் செய்தியை எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் `Schedule Message` வரும். சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிறு 6.30க்கு ஒன்று போதும். வெளிநாட்டு நேயர்கள் இருந்தால் நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதுங்கள். இவை உங்கள் போன் அணைந்திருந்தாலும் போகும். அதனால்தான் நேரலை தள்ளிப்போனால் முதல் வேலையாக இவற்றைத் திறந்து நேரத்தை மாற்ற வேண்டும்.

தொடக்க அறிவிப்பு. இதை டைமரில் வைக்காதீர்கள். வாசகத்தை மட்டும் தயாராக எழுதி வைத்துவிட்டு, இன்னொரு போனில் நேயர் பக்கத்தைத் திறந்து, படமும் ஒலியும் வருவதைப் பார்த்த பிறகு அனுப்புங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். கணினியிலிருந்து நேரலையை யூடியூபுக்கு அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் வேறு நேரலையின் ஸ்ட்ரீம் கீ, அதாவது எந்த நேரலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறியீடு, இருந்தால் உங்கள் பக்கம் எல்லாம் ஓடுவது போலத் தெரியும், ஆனால் நேரம் குறித்த பக்கத்தில் காத்திருப்பவர்களுக்கு எதுவும் வராது. நேயர் பக்கத்தைப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

நடுவில் ஒரே ஒரு அறிவிப்பு, அதுவும் புதிய பகுதி தொடங்கும்போது. "கேள்வி பதில் இப்போது" என்று சொன்னால் தாமதமாக வருபவருக்கு உள்ளே நுழைய ஒரு காரணம் கிடைக்கும். இதை ஒலியில்லாமல் அனுப்பும் வசதி டெலிகிராமில் உண்டு.

முடிந்த பிறகு. 12 மணி நேரத்துக்குக் குறைவான நேரலையை யூடியூப் தானே பதிவாகச் சேமிக்கும், இணைப்பு மாறாது. பதிவு முழுதாக ஓடுகிறதா என்று பார்த்த பின்பே செய்தி அனுப்புங்கள். முதல் 8 நிமிடம் வெறும் காத்திருப்புத் திரை என்றால் இணைப்பின் கடைசியில் நொடிக்கணக்கைச் சேர்க்கலாம்:

```
https://youtu.be/VIDEO_ID?t=480
```

பிற்பாடு ஸ்டூடியோவில் அந்த 8 நிமிடத்தை வெட்டினால் இந்த எண் தவறாகிவிடும். வெட்டுவதாக இருந்தால் வெட்டி முடித்த பிறகே அனுப்புங்கள். அதோடு "தொடங்கிவிட்டது" என்ற பழைய செய்தியையும் "பதிவு இங்கே" என்று திருத்திவிடுங்கள். மறுநாள் சேனலுக்குள் வருபவர் கண்ணில் படப்போவது அதுவும்தான்.