சி.சி. கணக்கு: மளிகைக் கடையும் தையல் கடையும் தவறுகிற இடங்கள்

சின்னக் கடைகளுக்கு வங்கி தரும் நடைமுறை மூலதனக் கடன் பெரும்பாலும் கேஷ் கிரெடிட், சுருக்கமாகச் சி.சி., கணக்காகத்தான் வரும். இதில் மாதத் தவணை கிடையாது. 3 லட்சம் லிமிட் என்றால் அதற்குள் எடுக்கலாம், போடலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. சாதாரணக் கடன் மாதிரி நினைத்து இதை நடத்தினால்தான் சிக்கல் வருகிறது.

முதலில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். பலர் அதை மாதாமாதம் கொடுக்க வேண்டிய ஒரு தாள் என்றே நினைக்கிறார்கள். உண்மையில், அந்த மாதம் நீங்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவு செய்வதே அதுதான். அந்தத் தொகைக்கு டிராயிங் பவர் என்று பெயர்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். லிமிட் 3 லட்சம். மாதக் கடைசியில் அண்ணாச்சி அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் எண்ணிப் பார்க்கிறார். கொள்முதல் விலைக்குச் சரக்கு 4,00,000 ரூபாய். அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அதில் 1,00,000 ரூபாய்ச் சரக்கு, மொத்த வியாபாரிக்கு இன்னும் பணம் தராமல் கடனுக்கு வாங்கியது. அதை வங்கி கழிக்கும். மீதி 3,00,000. அதில் 25 சதவீதம் உங்கள் கைப்பணம் இருக்க வேண்டும் என்று வைத்தால் 75,000 போகும். டிராயிங் பவர் 2,25,000தான். லிமிட் 3 லட்சம் என்று நம்பி முழுவதும் எடுத்திருந்தால், கணக்கு 75,000 ரூபாய் வரம்பு மீறி நிற்கும். நிலுவை வரம்புக்குள் திரும்பும் வரை பணம் எடுக்க முடியாது, கொடுத்த செக்கும் திரும்பும். பாக்கி தர வேண்டியதை மறைத்து எழுதினால் அந்த மாதம் தப்பலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி பில் கட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். விற்பனை விலைக்குக் கணக்குப் போடுவதும், காலாவதியான சரக்கைச் சேர்ப்பதும் இதே ரகம்.

தையல் கடையில் வேறொரு தவறு. தைக்கக் கொடுத்த வாடிக்கையாளர் துணி அலமாரி நிறைய இருக்கும். அது உங்கள் சரக்கு இல்லை. லைனிங் துணி, நூல், பட்டன், ஜிப், விற்பதற்கு வாங்கி வைத்த பிளவுஸ் பிட் மட்டும்தான் கணக்கில் வரும். அதனால் தையல் கடைக்குச் சரக்கு மதிப்பு எப்போதும் குறைவாகவே தெரியும். லிமிட் கேட்கும்போதே இதை யோசித்துக் கேளுங்கள்.

ஸ்டேட்மென்ட் கொடுக்காமல் விட்டால்? மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டை வைத்துப் போட்ட டிராயிங் பவரை வங்கி ஏற்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும்.

அடுத்தது பணம் போடும் முறை. "வட்டி மட்டும் மாசம் ஒரு தடவை கட்டினால் போதும்தானே சார்?" என்று கேட்காத கடைக்காரர் குறைவு. வாராக்கடன் ஆகாமல் அது காப்பாற்றலாம். ஆனால் புதுப்பிக்கும் நாளில் அதிகாரி பார்ப்பது, கடை விற்பனை அந்தக் கணக்கு வழியாக ஓடியதா என்பதைத்தான். இன்று பாதி வியாபாரம் க்யூ.ஆர். அட்டையில் நடக்கிறது, அந்த அட்டை வேறொரு வங்கியின் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கும். சி.சி. கணக்கில் விற்பனையே இல்லாதது போலத் தெரிந்து லிமிட் குறையும். கடன் கிடைத்த அன்றே அட்டையை மாற்றிவிடுங்கள். இதில் காசும் மிச்சம்: 11 சதவீத வட்டி என்று வைத்தால், 2 லட்சம் நிலுவைக்கு ஒரு நாள் வட்டி சுமார் 60 ரூபாய். தினமும் கல்லாப் பணத்தைப் போட்டு, கொள்முதல் நாளில் எடுத்தால் நிலுவை இறங்கி இறங்கி ஏறும்.

சி.சி. பணத்தில் ஃப்ரிட்ஜ், ஓவர்லாக் மெஷின், வண்டி வாங்குவதுதான் என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது. சரக்கு விற்றால் பணம் திரும்பும். மெஷினில் போட்டது மெதுவாகத்தான் திரும்பும். 80,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினால் அவ்வளவு சரக்கு கடையில் குறையும், டிராயிங் பவரும் கூடவே இறங்கும். அதற்குத் தவணைக் கடன் தனியாகக் கேளுங்கள்.

காகிதங்களில் பெரிய சிரமம் இல்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் ஆன்லைனில் இலவசம். உத்யமில் ஒரு பெயர், வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர் என்று இருந்தால் மட்டும் கோப்பு திரும்பிவரும். வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டிய விற்பனையை வங்கியில் கூட்டிச் சொல்லவும் முடியாது. சின்னக் கடைக்கு லிமிட், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வரும். 3 லட்சம் வேண்டுமானால் 15 லட்சம் விற்பனை காட்ட வேண்டும்.

புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, இரண்டு மாதம் முன்பே வரிக் கணக்கோடு கிளைக்குப் போங்கள். தேதி கடந்து 180 நாளில் புதுப்பிக்காவிட்டால், வட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கணக்கு வாராக்கடன் பட்டியலில் சேரும்.