ஆபரேஷன் ட்ரே எண்ணிக்கை: சரியாக வந்த கணக்கும் பொய் சொல்லும்

ஆபரேஷன் கருவிகளை அடுக்கிய ட்ரேயோடு வந்த பட்டியலில், ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் 12 என்று இருக்கிறது. சீல் உடையவில்லை. நோயாளியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சர்ஜனுக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரி, 12" என்கிறார். வெளியிலிருந்து உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸ் தாளில் டிக் போடுகிறார். இருவருமே எண்ணவில்லை, பட்டியலைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

அன்று ட்ரேயை அடுக்கியவர் தெரியாமல் 13 வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வயிறு திறந்து நடக்கும் ஆபரேஷன். முடிவில் வெளியே 12 இருக்கின்றன, பட்டியலிலும் 12. கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. பதின்மூன்றாவது குடலுக்குப் பின்னால் கிடக்கிறது. தப்பு நடந்தது ஆரம்பத்தில். ஆனால் கடைசி எண்ணிக்கை எவ்வளவு கவனமாக நடந்தாலும் அதைக் காட்டிக்கொடுக்காது. மாறாக, ட்ரேயில் 11தான் வந்திருந்தால் இல்லாத ஒன்றைத் தேடி எல்லோரும் தரையில் குனிவார்கள், நோயாளி தேவையில்லாத எக்ஸ்ரேக்குப் போவார்.

உள்ளே மறந்துபோன பொருள்களைப் பற்றி 2003-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பொருள் உள்ளே தங்கிப்போன ஆபரேஷன்களில், எண்ணிக்கை எடுத்திருந்தவற்றில் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் "சரி" என்றே பதிவாகியிருந்தது. அதனால் முதல் எண்ணிக்கை கீறலுக்கு முன்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பிரித்து, வாய்விட்டு எண்ணியதாக இருக்க வேண்டும். வந்த எண் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால், கையில் எண்ணியதையே தாளில் எழுதுங்கள். ஆபரேஷன் நடுவில் புதிதாக ஒரு பொருளைத் திறந்தால் அந்த நிமிடமே சேர்க்க வேண்டும், "அப்புறம் எழுதிக்கலாம்" கூடாது.

இரண்டாவது தவறு, ரிட்ராக்டரை ஒன்று என்று எண்ணுவது. வயிற்றைத் திறந்து பிடிக்கும் பெரிய ரிட்ராக்டரில் சட்டம், கழற்றி மாட்டும் தகடுகள், அவற்றை இறுக்கும் திருகுகள் எனப் பல துண்டுகள் உண்டு. "ரிட்ராக்டர் 1" என்று எழுதினால் ஒரு திருகு கழன்று உள்ளே விழுந்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். துண்டு துண்டாக எழுத வேண்டும். திரும்பி வரும்போது முழுதாக வந்ததா என்றும் பார்க்க வேண்டும். முனை ஒடிந்த ஃபோர்செப்ஸ் எண்ணிக்கையில் ஒன்றுதான், ஆனால் அந்த முனை எங்கே?

மூன்றாவது, நேரம். வயிற்றின் உள் அடுக்கைத் தைக்கத் தொடங்குவதற்கு முன்பே மூடும் எண்ணிக்கை தொடங்க வேண்டும். அப்போதுதான் கைவிட்டுத் தேட வழி இருக்கும். சர்ஜன் ஊசி கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருக்க, நர்ஸ் பாதி எண்ணியும் எண்ணாமலும் "சரி சார்" என்று சொல்லிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவசர ஆபரேஷனிலும், எதிர்பாராமல் திட்டம் மாறிய ஆபரேஷனிலும் பொருள் உள்ளே தங்கும் ஆபத்து கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டு நிறுத்த நேர்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்தப் பொருளை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

சரி, மூடும்போது ஒருமுறை எண்ணியாயிற்றே, தோல் தைக்கும்போது இன்னொன்று எதற்கு? தைக்கும்போது ஊசி குடலில் பட்டுவிடாமல் இருக்க, வளைக்கக்கூடிய ஒரு நீளமான தகடு ரிட்ராக்டரை உள்ளே வைப்பார்கள். அது உள்ளே போவதே முதல் மூடும் எண்ணிக்கைக்குப் பிறகு. கடைசி இரண்டு தையலுக்கு முன் அதை உருவ மறந்தால் அப்படியே உள்ளே தங்கிவிடும். ஒரு அடி நீளத் தகடு எப்படி மறக்கும் என்று தோன்றும்; மறந்திருக்கிறார்கள். தையலுக்குப் பயன்பட்ட ஊசிகளும் இதே கணக்கில்தான் வரும்.

எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். தையல் நிற்க வேண்டும். சர்ஜன் காயத்துக்குள் கையால் தேடுவார். மற்றவர்கள் விரிப்பு மடிப்பு, தரை, குப்பைத் தொட்டி, அழுக்குத் துணி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதனால்தான் எண்ணிக்கை முடியும்வரை குப்பைப் பையை வெளியே அனுப்பக்கூடாது. கிடைக்காவிட்டால் நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன்பே எக்ஸ்ரே. படம் பார்ப்பவரிடம் "என்ன காணவில்லை" என்று பெயர் சொல்ல வேண்டும்; வெறுமனே "கவுண்ட் தப்பு" என்றால் அவர் எதைத் தேடுவார்? மிகச் சிறிய ஊசி எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அப்படிப்பட்ட நாளில் தாளில் "சரி" என்று எழுதாமல், "ஒரு ஊசி கிடைக்கவில்லை, படம் எடுக்கப்பட்டது" என்று உள்ளதை உள்ளபடி எழுதி, சர்ஜனிடமும் சொல்லிவிட வேண்டும்.