கவர் லெட்டரில் இரண்டே வாக்கியம்: என் அனுபவம்

நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரைடை அலுமினா வடிகட்டியால் நீக்குவது பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரை, ரிவியூவருக்கே போகாமல் ஆய்வு இதழின் எடிட்டரிடமிருந்து திரும்பி வந்தது. புதுமை தெரியவில்லை என்று ஒரு வரி. கட்டுரையில் புதுமை இருந்தது. ஆனால் கவர் லெட்டராகக் கூட அனுப்பிய மின்னஞ்சல் ஃப்ளோரைடின் கேடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பு என்று எடிட்டருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலேயே முதல் பத்தியைக் கழித்திருந்தது.

வேறொரு ஆய்வு இதழுக்கு அனுப்பும்போது, தலைப்பையும் கட்டுரை வகையையும் சொன்ன கையோடு இதை வைத்தேன்:

“ஆய்வகத்தில் தயாரித்த நீரில் நன்றாக வேலை செய்யும் அலுமினா, கிணற்று நீரில் சீக்கிரம் தளர்வதற்கு பைகார்பனேட்டே முக்கியக் காரணம் என்பதை, அதன் அளவை மட்டும் மாற்றிச் செய்த சோதனைகளால் காட்டுகிறோம். எனவே வடிகட்டியின் ஆயுளைக் கணக்கிடும்போது ஃப்ளோரைடு அளவோடு நீரின் காரத்தன்மையையும் சேர்க்க வேண்டும்.”

முதல் வாக்கியத்தில் கண்டுபிடிப்பும் ஆதாரமும், இரண்டாவதில் அந்த இதழின் வாசகர் இனி எதை மாற்றிச் செய்வார் என்பதும். ‘முதன்முறையாக’ என்று சேர்க்கலாமா என்று சக ஆசிரியர் கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டுரை ஒன்று கிடைத்தாலே அந்தச் சொல் விழுந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தப் படம் ஆதாரம் என்று தேடினேன். கிராமங்களுக்குப் பயன்படும் என்ற வரிக்கு எந்தப் படமும் இல்லை, எடுத்துவிட்டேன். கடைசியில், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற வழக்கமான வரி.

இந்த முறை ரிவியூவுக்குப் போனது. இதழும் மாறியிருந்தது, அதனால் காரணம் மின்னஞ்சல் மட்டுமே என்று சொல்ல மாட்டேன்.