மறைத்த ஸ்லைடுகளும் இணைப்புகளும்: கேட்பவருக்கேற்ப வளைந்துகொடுக்கும் பவர்பாயின்ட் உரை

அரை மணி நேரம் தருவதாகச் சொன்ன கூட்டத்தில், முந்தைய நிகழ்ச்சி நீண்டுவிட்டதால், பதினைந்தே நிமிடங்களில் முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அல்லது கடைசியில் பேச வைத்திருந்ததை ஒருவர் இரண்டாவது ஸ்லைடிலேயே கேட்டுவிடுவார். அப்போது பத்து ஸ்லைடுகளைக் கடகடவென்று தள்ளிக் கடப்பதைத் தவிர்க்க, பவர்பாயின்டின் விண்டோஸ் பதிப்பில் ஒரு கோப்பை எப்படி அமைக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசுவதற்கான 18 ஸ்லைடுகள் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். முதல் மூன்றும் தொடக்கம், 4 முதல் 7 வரை கூரையில் விழும் நீரின் கணக்கு, 8 முதல் 11 வரை வடிகட்டி, 12 முதல் 14 வரை பராமரிப்பு, 15 முடிவு. கடைசி மூன்றும் யாரேனும் கேட்டால் மட்டுமே காட்ட வேண்டியவை. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் என்பதால், 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர் விழும் என்னும் விரிவான கணக்கு 16ஆம் ஸ்லைடில் இருக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. ஆனால் நம்ப மறுக்கும் ஒருவருக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

முதல் படி: பிரிவுகள்

இடப்புறம் சிறிதாகத் தெரியும் ஸ்லைடுகளின் வரிசையில், 4ஆம் ஸ்லைடுக்குச் சற்று மேலே உள்ள இடைவெளியில் வலது சொடுக்கு செய்து `Add Section` என்பதைத் தேர்ந்து, பிரிவுக்குப் பெயரிடுங்கள். 8, 12, 15, 16 ஆகியவற்றுக்கு மேலேயும் இவ்வாறே செய்யுங்கள். இந்தப் பெயர்கள் திரையில் கேட்பவருக்குத் தெரியா. நம் வசதிக்காக மட்டுமே. பிரிவின் பெயரைச் சொடுக்கினால் அதிலுள்ள எல்லா ஸ்லைடுகளும் ஒருசேரத் தேர்வாகும் என்பதுதான் இதன் உண்மையான பயன்.

இரண்டாம் படி: மறைத்தல்

கடைசிப் பிரிவின் பெயரைச் சொடுக்கி, `Slide Show` தாவலில் `Hide Slide` என்பதை அழுத்துங்கள். 16, 17, 18 ஆகிய எண்களின் மேல் ஒரு கோடு விழும். வரிசையாகப் பேசிக்கொண்டு போகும்போது இனி இவை வாரா. ஆனால் மறைத்தல் என்பது அந்த ஸ்லைடை வரிசையிலிருந்து விலக்குவது மட்டுமே. இணைப்பின் வழியாகவோ, காட்சி ஓடும்போது 16 எனத் தட்டி Enter அழுத்தியோ அதை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். இந்த முறை முழுவதும் இந்த ஒரு பண்பின்மேல்தான் நிற்கிறது.

நேரம் குறைந்துவிட்டது என்று பராமரிப்புப் பிரிவையும் இவ்வாறே மறைத்துவிடலாமா என்றால், அதைக் காட்டப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மறைக்கலாம். ஐயம் இருந்தால் மறைக்காமல் விட்டு, அடுத்துச் சொல்லும் பட்டியல் ஸ்லைடிலிருந்து தாண்டிப்போவதே நல்லது.

மூன்றாம் படி: பட்டியல் ஸ்லைடும் வீட்டுக் குறியும்

3ஆம் ஸ்லைடில் "நீர்க் கணக்கு", "வடிகட்டி", "பராமரிப்பு", "முடிவு" என்று நான்கு பெட்டிகள் வரையுங்கள். முதல் பெட்டியின் விளிம்பைச் சொடுக்கி, Ctrl+K அழுத்தி, `Place in This Document` என்பதில் 4ஆம் ஸ்லைடைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை 8, 12, 15 ஆகியவற்றுடன் இணையுங்கள். விளிம்பைச் சொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கர்சர் எழுத்துக்குள் இருக்கும்போது இணைத்தால் அந்தச் சொல் மட்டும் நிறம் மாறி அடிக்கோடு பெறுவதோடு, பேசும் பதற்றத்தில் அந்தச் சிறு சொல்லைக் குறிபார்த்துச் சொடுக்குவதும் கடினமாகிவிடும்.

அப்படிக் குறி தவறினால், பவர்பாயின்ட் அதை அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே 3ஆம் ஸ்லைடில் மட்டும் `Transitions` தாவலில் உள்ள `On Mouse Click` குறியை நீக்கிவிடுங்கள். விசைப்பலகையின் அம்புக்குறிகள் வழக்கம்போல் இயங்கும்.

எந்த ஸ்லைடிலிருந்தும் பட்டியலுக்குத் திரும்ப, `View` தாவலில் `Slide Master` திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஸ்லைடின் மூலையில் சிறு வீட்டுப் படம் ஒன்றை வரைந்து 3ஆம் ஸ்லைடுடன் இணையுங்கள். சில ஸ்லைடுகளில் இது இயங்கவில்லை என்றால், அங்கே பெரிய படமோ எழுத்துப் பெட்டியோ அந்த மூலையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்டரில் உள்ளவை எப்போதும் அடியில் இருப்பதால், மேலே கிடப்பதுதான் சொடுக்கை வாங்கிக்கொள்ளும்.

நான்காம் படி: திரும்பும் வழி

தொடக்கத்தில் நான் தவறியது இங்கேதான். மறைத்த கடைசி ஸ்லைடை வரவழைத்து விளக்கிவிட்டு, பழக்கத்தில் ரிமோட்டின் முன்செல்லும் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பின் ஸ்லைடு இல்லாததால், உரையின் நடுவிலேயே காட்சி முடிந்து திரை கறுத்துவிட்டது. முன்செல்லும் பொத்தானுக்கு நாம் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது. இப்போதிருக்கும் இடத்திலிருந்து முன்னே போக மட்டுமே தெரியும்.

எனவே 16ஆம் ஸ்லைடில் "திரும்பு" என்று ஒரு பெட்டி வரைந்து, அதைத் தேர்ந்து, `Insert` தாவலில் `Action` அழுத்தி, `Hyperlink to` பட்டியலில் `Last Slide Viewed` என்பதை அமையுங்கள். 17, 18 ஆகியவற்றிலும் இவ்வாறே செய்யுங்கள். குறிப்பிட்ட ஸ்லைடு எண்ணுக்கு இணைப்பதைவிட இது மேல். ஏனெனில் இந்தக் கணக்கை 5ஆம் ஸ்லைடில் ஒருவர் கேட்கலாம், 15இல் இன்னொருவர் கேட்கலாம், இருமுறையும் விட்ட இடத்துக்கே திரும்புவோம்.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 17இலும் 18இலும் ஒரே விடையின் இரு பாதிகள் இருந்து, 17இலிருந்து 18க்குப் போய்த் "திரும்பு" அழுத்தினால், கடைசியாகப் பார்த்தது 17 என்பதால் அங்கேயே போகும். மறுபடி அழுத்தினால் 18. செக்குமாடு போலச் சுற்ற வேண்டியதுதான். ஒரு கேள்விக்கு ஒரே மறைத்த ஸ்லைடு என்று வைத்துக்கொள்வதே எளிய தீர்வு. முடியாவிட்டால், 18இல் வீட்டுக் குறியைப் பயன்படுத்துங்கள்.

ஒத்திகையும் கோப்பை அனுப்புவதும்

F5 அழுத்தி, எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். ஸ்லைடுகளை இடம் மாற்றினாலும் இணைப்புகள் தத்தம் ஸ்லைடைப் பின்தொடரும். ஆனால் இலக்கு ஸ்லைடை அழித்தால் இணைப்பு பயனற்றுப் போகும். எண்களோ இடம் மாற்றியவுடன் மாறிவிடும். ஆகவே மறைத்த மூன்றின் எண்களையும் எவ்வளவுதான் நினைவிருந்தாலும் கூட்டத்துக்குப் புறப்படும் முன் ஒரு துண்டுத்தாளில் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரை முடிந்ததும் கோப்பைக் கேட்பார்கள். மறைத்த ஸ்லைடுகள் பூட்டப்பட்டவை அல்ல. கோப்பைத் திறக்கும் எவரும் அவற்றைப் பார்க்கலாம். ஒப்பந்ததாரர் சொன்ன விலை போன்ற எதையேனும் அங்கே வைத்திருந்தால், பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். அப்போது `Options` சாளரத்தில் `Include hidden slides` குறி நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உருவான பிடிஎஃப் கோப்பில் 15 பக்கங்கள்தான் உள்ளனவா என்றும் எண்ணிப் பாருங்கள்.